அண்ணையிடம் கேட்கும் லீவும் பெரிய சேருக்கு எழுதும் லீவும்: ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறவருக்கு, பெரும்பாலும் இரண்டு மேலதிகாரிகள் இருப்பார்கள். ஒருவர் தினமும் பக்கத்து மேசையில் இருக்கும் மேற்பார்வையாளர். அவரை நாம் அண்ணை என்றோ அக்கா என்றோ அழைக்கிறோம். மற்றவர் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் சிரேஷ்ட முகாமையாளர். கிளையில் அவருக்குப் 'பெரிய சேர்' என்றுதான் பெயர். ஒரே லீவை இந்த இருவரிடமும் ஒரே மொழியில் கேட்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதை, எந்த அளவுக்கு, ஏன் மாற்ற வேண்டும் என்று சரியாகத் தெரியாமல், அண்ணையிடம் மனுப் பாணியிலும் பெரிய சேரிடம் கதைப் பாணியிலும் கேட்டுச் சங்கடப்பட்டவர்கள் பலர். நானும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் அப்படிச் சங்கடப்பட்டவன். பின்னர் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து, மற்றவர்களின் லீவுக் கடிதங்களுக்குச் சிபாரிசு எழுதியவன்.

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு லீவை எடுத்துக்கொண்டு, அதை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்ப்போம். அது காலபோக நெல் அறுவடைக்கான லீவு. வன்னியில் கேட்பதற்கு மிகவும் சிக்கலான லீவு இதுதான் என்பது என் எண்ணம். ஏனென்றால் அறுவடை இயந்திரம் எந்த நாளில் வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. திகதி நிச்சயமில்லாத ஒரு தேவையை, திகதி இல்லாமல் எதையும் அனுமதிக்க முடியாத ஒருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் விவசாய இயந்திரங்களுக்குத் தவணைக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கிளிநொச்சிக் கிளையில் 2023 மே மாதத்தில் சேர்ந்த கள உத்தியோகத்தர். தருமபுரம், விசுவமடுப் பக்கம் அவருடைய பகுதி. குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் வயல் உண்டு. தகப்பனாருக்கு முழங்கால் வருத்தம். 2025 பெப்ரவரி 10 ஆம் திகதி தொடக்கம் ஒரு வாரம் அவருக்கு லீவு தேவை. அந்த நிறுவனத்தில் இரண்டு நாள் வரையான லீவை மேற்பார்வையாளரே அனுமதிக்கலாம். அதற்கு மேற்பட்டால் வவுனியாவில் இருக்கும் சிரேஷ்ட முகாமையாளரின் கையொப்பம் வேண்டும். நெல் விற்ற காசு கையில் வரும் காலத்தில்தான் விவசாயிகள் தவணைகளைக் கட்டுவார்கள் என்பதால், அறுவடைக் காலம் அந்த நிறுவனத்துக்கு அறவீட்டுக் காலமுமாகும். அதாவது, அவருக்கு லீவு தேவைப்படும் அதே வாரத்தில்தான் நிறுவனத்துக்கு அவர் மிகவும் தேவைப்படுகிறார்.

முதலாவது படி: வாய் திறப்பதற்கு முன் கணக்கைச் சரிபார்த்தல்

தொனி தவறுவதற்கு முதற் காரணம் சொற்கள் அல்ல. எத்தனை நாள், எந்த வகை லீவு, எவ்வளவு மீதி என்று தெரியாதவர்தான் குரலில் கெஞ்சலையோ கோபத்தையோ கலந்துவிடுகிறார். தனியார் அலுவலகங்களுக்குப் பொருந்தும் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் வருடாந்த லீவு கிடையாது. இரண்டாம் ஆண்டில் கிடைப்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. மார்ச் இறுதிக்குள் சேர்ந்தவருக்கு 14 நாளும், ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்தவருக்கு 10 நாளும், ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7 நாளும், அதற்குப் பிறகு 4 நாளும் கிடைக்கும். நமது கள உத்தியோகத்தருக்கு 2024 இல் 10 நாள்தான் கிடைத்திருக்கும். 2025 இல் முழு 14 நாளும் உண்டு.

அடுத்து நாட்களை எண்ண வேண்டும். 2025 பெப்ரவரி 10 திங்கட்கிழமை. 12 ஆம் திகதி புதன்கிழமை போயா. அவருடைய நிறுவனத்தில் அது லீவுக் கணக்கில் சேராது. ஆகவே 10 தொடக்கம் 14 வரை கேட்டாலும் கழிவது நான்கு நாள் மட்டுமே. 'ஒரு கிழமை லீவு' என்று வாயால் கேட்பதற்கும் 'நான்கு நாள் லீவு' என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு, கேட்கிறவரைவிடக் கேட்கப்படுகிறவருக்கே பெரிதாகத் தெரியும்.

மூன்றாவதாக, அந்த வாரத்தில் தன் பகுதியில் எத்தனை தவணைகள் விழுகின்றன என்று பார்க்க வேண்டும். 23 கணக்குகள் என்று வைப்போம். அவற்றில் 9 பேர் கடைக்காரரும் சம்பளக்காரரும். அவர்களிடம் 7 ஆம் திகதிக்கு முன்னரே பெற்றுவிடலாம். மற்ற 14 பேரும் விவசாயிகள்; அவர்களிடம் யாராவது போக வேண்டும். இதற்குச் சக உத்தியோகத்தர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சம்மதித்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். அவருடைய சம்மதம் இல்லாமல் அவருடைய பெயரைச் சொன்னால், அண்ணையிடம் ஒருநாளும் பெரிய சேரிடம் ஒருநாளுமாக இரண்டு முறை வெட்கப்பட நேரும்.

இரண்டாவது படி: மேற்பார்வையாளரிடம் நேரில் கதைத்தல்

மேற்பார்வையாளரிடம் முதலில் எழுதக் கூடாது, கதைக்க வேண்டும். அவருக்கு நம்மைத் தெரியும், நம் வயலைத் தெரியும், போன ஆண்டு மழைக்குள் நெல் நனைந்ததும் தெரியும். இவ்வளவும் தெரிந்தவரிடம் திடீரென்று ஒரு கடிதத்தை நீட்டினால், 'என்ன, ஏதும் கோவமோ?' என்றுதான் அவர் நினைப்பார். வன்னியில் அருகிலிருப்பவரிடம் காட்டும் அளவுக்கு மீறிய சம்பிரதாயம் மரியாதையாகப் படாது, விலகலாகவே படும்.

நேரத்தைத் தெரிவதும் தொனியின் ஒரு பகுதியே. திங்கட்கிழமைக் காலைக் கூட்டமும், அறவீட்டுக் கணக்கு முடிக்கும் மாதக் கடைசி வாரமும் பொருத்தமற்றவை. தைப்பொங்கல் கழிந்து ஜனவரி 17 வெள்ளிக்கிழமை பின்னேரம், களத்திலிருந்து எல்லோரும் திரும்பி அண்ணை தேநீர் குடிக்கும் நேரம் நல்ல நேரம். அங்கே பேச்சு ஏறக்குறைய இப்படி அமையலாம்.

"அண்ணை, ஒரு விசயம் கதைக்கவேணும். இப்ப நேரம் இருக்கோ?"

"சொல்லு தம்பி."

"வயல் வெட்டு வருதண்ணை. மெசின்காரர் பத்தாம் திகதிக்குப் பிறகு எண்டு சொல்லியிருக்கினம், ஆனா நாள் இன்னும் சரியாச் சொல்லேல்லை. அப்பாவால இந்த முறை தனியச் சமாளிக்கேலாது. பத்தில இருந்து பதினாலு வரைக்கும் நாலு நாள் எடுக்கலாமோ எண்டு உங்களைக் கேட்டிட்டுத்தான் பெரிய சேருக்கு எழுதுவம் எண்டு இருக்கிறன்."

"அது அறவீட்டுக் கிழமையெல்லோ?"

"ஓம் அண்ணை. இருபத்திமூண்டு கணக்கு வருது. ஒன்பதை ஏழாம் திகதிக்கு முதல் எடுத்திடுவன். மிச்சம் பதினாலுக்கும் மற்றத் தம்பியோட கதைச்சிட்டன், அவர் போறன் எண்டு சொன்னவர். நீங்கள் வேற மாதிரி யோசிச்சால் சொல்லுங்கோ."

இந்தப் பேச்சில் சில இடங்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 'நாலு நாள் லீவு எடுக்கப்போறன்' என்று அவர் சொல்லவில்லை. 'எடுக்கலாமோ' என்று கேட்டார். பேச்சுத் தமிழில் இந்த '-ஓ' என்ற கடைசி எழுத்து செய்யும் வேலை பெரிது. 'போறன்' என்பது அறிவித்தல். 'போகட்டோ' என்பது அனுமதி கேட்டல். 'போகலாமோ' என்பது அனுமதியோடு அவருடைய எண்ணத்தையும் கேட்டல். 'எனக்கு நாலு நாள் லீவு வேணும்' என்பது பிழையான வசனமல்ல, ஆனால் கேள்வி இல்லாததால் கேட்பவருக்கு அது ஓர் உத்தரவு போல ஒலிக்கும். மிக நெருக்கமானவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். அண்ணை என்ற உறவுச் சொல் இருக்கிறதே என்று கேள்வியை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அண்ணை என்று அழைத்த பிறகுதான் கேட்கும் கடப்பாடு இன்னும் கூடுகிறது.

இரண்டாவது, அவர் நிச்சயமின்மையை மறைக்கவில்லை. 'நாள் இன்னும் சரியாச் சொல்லேல்லை' என்பதை அண்ணையிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இயந்திரங்கள் வெளிமாவட்டங்களிலிருந்தும் வந்து வயல் வயலாக வரிசையில் போவதையும், ஒரு மழை வந்தால் அந்த வரிசை குழம்புவதையும் அவர் கண்ணால் கண்டவர். மூன்றாவது, 'உங்களைக் கேட்டிட்டுத்தான் பெரிய சேருக்கு எழுதுவம்' என்ற சொற்கள். இதைச் சொல்லாமல் நேரே மேலே எழுதிவிடுவதுதான் நான் முதல் ஆண்டில் செய்த பிழை. அனுமதி கிடைத்தது, ஆனால் வவுனியாவிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில்தான் என் மேற்பார்வையாளர் என் லீவைப் பற்றி அறிந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த மூன்று மாதம் என்னோடு அலுவலக விடயம் தவிர வேறெதுவும் கதைக்கவுமில்லை.

மேற்பார்வையாளரின் பதிலையும் சரியாகக் கேட்கப் பழக வேண்டும். 'ஓம், எழுதித் தா' என்றால் சம்மதம். 'பாப்பம்' என்றால் சம்மதமில்லை. அதில் அவர் வெளியே சொல்லாத ஏதோ தடை இருக்கிறது. அப்போது மறுநாளும் அதே கேள்வியைக் கேட்பதைவிட, 'அண்ணை, எந்த நாள் கஷ்டம் எண்டு சொன்னால் நான் மாத்திப் பாக்கிறன்' என்று தடையைத் தேடிப் போவது நல்லது. பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நாளே அவருக்குப் பிரச்சினையாக இருக்கும்.

பேசி முடிந்த அன்றே ஒரு சிறிய வாட்ஸ்அப் செய்தியை அனுப்பி வைப்பது இருவருக்கும் உதவும். அதில் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் கலந்த இடைநடை போதும்: 'அண்ணை, கதைச்சபடி பெப்ரவரி 10, 11, 13, 14 நான்கு நாளும் லீவு கேட்டுத் திங்கட்கிழமை கடிதம் தருகிறேன். 14 கணக்குகளின் பட்டியலையும் அதோடு வைக்கிறேன். நன்றி.' தகப்பனாரின் முழங்காலையோ மழையையோ இதில் மீண்டும் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது படி: சிரேஷ்ட முகாமையாளருக்கு எழுதுதல்

பெரிய சேருக்கு நம்மைத் தெரியாது. அவருக்குத் தெரிவது நம் கிளையின் அறவீட்டு வீதமும், மாதத்தின் நாட்களும், மேற்பார்வையாளரின் சொல்லும்தான். அண்ணையிடம் சொல்லாமலே விளங்கிய எல்லாவற்றையும் இவருக்கு எழுத வேண்டும். அண்ணையிடம் மனம்விட்டுச் சொன்ன பலவற்றை இவருக்கு எழுதாமல் விட வேண்டும். இருவருக்குமான வேறுபாட்டில் முக்கியமானது இதுவே. 'தங்கள்', 'தாழ்மையுடன்' போன்ற சொற்கள் அதற்குப் பிறகு வருபவை.

கடிதம் இப்படி அமையலாம்.

2025.01.20

சிரேஷ்ட முகாமையாளர்,
பிராந்திய அலுவலகம்,
வவுனியா.

ஊடாக: மேற்பார்வையாளர், கிளிநொச்சிக் கிளை.

மதிப்பிற்குரிய ஐயா,

வருடாந்த விடுமுறை கோரல்: 2025.02.10 முதல் 2025.02.14 வரை

கிளிநொச்சிக் கிளையில் 2023 மே மாதம் முதல் கள உத்தியோகத்தராகக் கடமையாற்றிவரும் நான், எமது குடும்பத்தின் காலபோக நெல் அறுவடையை முன்னிட்டு, மேற்குறிப்பிட்ட காலத்தில் 4 நாள் வருடாந்த விடுமுறையை வழங்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன். பெப்ரவரி 12 ஆம் திகதி போயா தினமாகையால் அது இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. 2025 ஆம் ஆண்டுக்குரிய எனது 14 நாள் வருடாந்த விடுமுறையில் இதுவரை எதனையும் நான் பெற்றுக்கொள்ளவில்லை.

அவ்வாரத்தில் எனது பகுதியில் 23 கணக்குகளின் தவணைகள் அறவிடப்பட வேண்டியுள்ளன. அவற்றுள் 9 கணக்குகளுக்குரிய தவணைகள் பெப்ரவரி 7 ஆம் திகதிக்கு முன்னர் என்னால் அறவிடப்படும். எஞ்சிய 14 கணக்குகளையும் கள உத்தியோகத்தர் திரு. (பெயர்) பொறுப்பேற்க இணங்கியுள்ளார். இவ்வொழுங்கு மேற்பார்வையாளருடன் கலந்துரையாடித் தீர்மானிக்கப்பட்டதாகும்.

அறுவடை இயந்திரம் கிடைக்கும் நாளைப் பொறுத்து இத்திகதிகளில் மாற்றம் தேவைப்படின், அதனைப் பெப்ரவரி 6 ஆம் திகதிக்குள் மேற்பார்வையாளர் ஊடாக அறியத்தருவேன். பெப்ரவரி 15 ஆம் திகதி காலை கடமைக்குத் திரும்புவேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், பெயர், பதவி)

இதில் 'ஊடாக' என்ற ஒரு சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரச திணைக்களங்களில் இது இல்லாத கடிதம் திரும்பி வரும். தனியார் நிறுவனங்களில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்த வரி இருந்தால் கடிதம் முதலில் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போகும். அவர் அதன் ஓரத்தில் 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டு மேலே அனுப்புவார். நம்மைத் தெரியாத பெரிய சேருக்கு, நம்மைத் தெரிந்த ஒருவரின் கையெழுத்து அந்தக் கடிதத்திலேயே கிடைக்கிறது. மின்னஞ்சலில் அனுப்புவதானாலும் மேற்பார்வையாளருக்குப் பிரதி வைப்பது மட்டும் போதாது. கடிதத்தின் தலைப்பகுதியில் 'ஊடாக' என்று எழுதி, மேற்பார்வையாளருக்கே அனுப்பி, அவரைக் கொண்டு மேலே அனுப்புவிப்பது முறை.

அடுத்தது காரணத்தின் அளவு. 'எமது குடும்பத்தின் காலபோக நெல் அறுவடையை முன்னிட்டு' என்ற ஒரு தொடரோடு காரணம் முடிந்துவிட்டது. தகப்பனாரின் முழங்கால் கடிதத்தில் இல்லை. என்னிடம் சிபாரிசுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் நீண்டு போயிருந்தன: இடம்பெயர்வில் இழந்தது, மீள வந்து காடு வெட்டியது, தங்கையின் படிப்பு, வங்கிக் கடன் எல்லாம் ஒரு நான்கு நாள் லீவுக்காக எழுதப்பட்டிருந்தன. அவையெல்லாம் உண்மை என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே அவற்றை அப்படிச் செலவழிக்கக் கூடாது என்று எழுதியவர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். தனக்குச் சட்டப்படி உரிய லீவைக் கேட்பவர், அதை வாங்குவதற்குத் தன் துயரத்தை அடைமானம் வைக்க வேண்டியதில்லை. மேலும், துயரம் நிறைந்த கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கு, இந்த வேண்டுகோள் விதிக்கு உட்பட்டதா அல்லது விசேட சலுகையா என்ற ஐயம் வந்துவிடுகிறது. ஐயம் வந்தால் கையொப்பம் தாமதிக்கும்.

பணிவுச் சொற்களிலும் அளவு உண்டு. 'தாழ்மையுடன்' ஒரு தடவை வந்தால் மரியாதை. மூன்று தடவை வந்தால் கெஞ்சல். 'தயவுசெய்து', 'கருணை கூர்ந்து', 'பெருந்தன்மையுடன்' எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் அடுக்கும் பழக்கம் பழைய மனு எழுத்தாளர்களிடமிருந்து வந்தது. நான்கு நாள் லீவுக்கு அது பொருந்தாது. 'கேட்டுக்கொள்கின்றேன்' போதுமானது. 'வேண்டி நிற்கின்றேன்' என்பதை உரிமையில்லாத ஒன்றைக் கேட்கும்போது, எடுத்துக்காட்டாகச் சம்பளமில்லா நீண்ட லீவு கேட்கும்போது, வைத்துக்கொள்ளலாம். 'நீங்கள்' என்று எழுதாமல் 'தாங்கள்' என்று எழுத வேண்டும். ஒருமுறை 'தாங்கள்' என்று தொடங்கினால் கடைசி வரை அப்படியே போக வேண்டும். இடையில் ஓரிடத்தில் 'உங்களுக்கு' என்று வந்துவிட்டால், வேறு யாரோ எழுதிய கடிதத்தைப் பார்த்து எழுதியது வெளியே தெரிந்துவிடும்.

இப்போது நிச்சயமில்லாத திகதிக்கு வருவோம். அண்ணையிடம் 'நாள் இன்னும் சரியாச் சொல்லேல்லை' என்று சொன்ன அதே உண்மை கடிதத்திலும் இருக்கிறது, ஆனால் வேறு உருவத்தில். பெரிய சேரிடம் 'பத்தாம் திகதியளவில்' என்று எழுதினால் அவரால் எதையும் அனுமதிக்க முடியாது. அவருடைய அட்டவணையில் 'அளவில்' என்று ஒரு கட்டம் இல்லை. ஆகவே முதலில் திகதியை உறுதியாக எழுதி, மாற்றம் தேவைப்பட்டால் எந்த நாளுக்குள் அறிவிப்பேன் என்பதையும் உறுதியாக எழுத வேண்டும். அங்கே இயந்திரத்தின் நாள் மட்டுமே நிச்சயமற்றது; நாம் கொடுக்கும் இரண்டு திகதிகளும் நிச்சயமானவை. 6 ஆம் திகதி என்று ஏன் எழுதினார் என்றால், அது வியாழக்கிழமை. அன்று அறிவித்தால் மாற்று ஒழுங்கு செய்ய மேற்பார்வையாளருக்கு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமை அரைநாளும் கிடைக்கும்.

சில நேரங்களில் பெரிய சேர் நம் ஊரவராகவோ தூரத்து உறவினராகவோ இருப்பார்; கோயில் திருவிழாவில் கண்டால் 'மாமா' என்று கூப்பிடுகிறவராகவும் இருக்கலாம். கடிதத்தில் அவர் 'மதிப்பிற்குரிய ஐயா' தான். அந்தக் கடிதம் அவரோடு முடிவதில்லை. மனிதவளப் பிரிவின் கோப்பில் போய்க் கிடக்கும், நாளை வேறொருவர் அதைப் பார்ப்பார். பெண் அதிகாரியாயின் 'மதிப்பிற்குரிய அம்மணி' என்று எழுதலாம். நேரில் 'மிஸ்' என்று அழைப்பது எங்கள் பக்க வழக்கம். தமிழ் வாசிக்காத அதிகாரியாயின் கடிதத்தை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுத வேண்டியிருக்கும். அப்போது 'தாழ்மையுடன்' போன்றவற்றைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காமல், நாட்கள், மீதி, பொறுப்பேற்பவர், திரும்பும் நாள் ஆகிய நான்கையும் சுருக்கமாக எழுதுவதே பாதுகாப்பானது.

நான்காவது படி: பதில் வராதபோதும் பதில் மாறும்போதும்

பெரிய சேரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுக்கக் கூடாது. 'கிடைத்தது' என்றோ 'பார்க்கிறேன்' என்றோ வரும் பதிலும் அனுமதி ஆகாது. 'அனுமதிக்கப்பட்டது' என்ற சொல்லோ கையொப்பமோ வரும் வரை லீவு இன்னும் கேள்வியாகவே இருக்கிறது. ஒரு வாரம் கழிந்து, அதாவது ஜனவரி 27 அளவில் பதில் இல்லையென்றால், முதலில் மேற்பார்வையாளரிடமே கேட்க வேண்டும்: "அண்ணை, பெரிய சேரிட்ட இருந்து ஏதும் வந்ததோ? நான் ஒருக்கா எழுதட்டோ, இல்லாட்டி நீங்கள் கேக்கிறீங்களோ?" பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் தாங்களே கேட்பதாகச் சொல்வார்கள். எழுதச் சொன்னால், குற்றம் சாட்டும் சாயல் துளியும் இல்லாமல் இப்படி எழுதலாம்: 'எனது 2025.01.20 ஆம் திகதிய விடுமுறை விண்ணப்பம் தொடர்பில் தங்களது தீர்மானத்தை அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். பொறுப்புக்களை ஒப்படைக்கும் வேலைகளை அதற்கேற்ப ஒழுங்குசெய்ய அது உதவியாக இருக்கும்.' 'இன்னும் பதில் கிடைக்கவில்லை' என்று எழுதுவது உண்மைதான். ஆனால் மேலதிகாரிக்கு எழுதும்போது அவருடைய தாமதத்தைச் சொல்லாமல் நமது தேவையைச் சொல்வதே வழக்கம்.

சில வேளை அனுமதி குறைத்து வரும். நான்கு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் தந்து, 10 ஆம் திகதி திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார் என்று வைப்போம். இங்கே இரண்டு தொனிகளும் அருகருகே தேவைப்படுகின்றன. பெரிய சேருக்கு ஒரு வரிப் பதில்: '11, 13, 14 ஆம் திகதிகளுக்கு விடுமுறை வழங்கியமைக்கு நன்றி. 10 ஆம் திகதிக் கூட்டத்தில் கலந்துகொள்வேன்.' அண்ணையிடம் நேரில்: "அண்ணை, திங்கட்கிழமை மெசின் வந்தால் என்ன செய்யிறது? கூட்டம் முடிய மத்தியானத்தோட விடுவீங்களோ?" ஏமாற்றத்தைச் சொல்லலாம், வழியையும் தேடலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அண்ணையின் மேசை.

எடுத்துக்காட்டை முடித்துவிடுவோம். 13 ஆம் திகதி பின்னேரம்தான் இயந்திரம் வயலில் இறங்கியது; நான்கு ஏக்கரும் அன்றிரவே முடிந்தது. ஆனால் நெல்லை 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்தால்தான் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கும். ஈர நெல்லைத் தனியாருக்குக் கொடுத்தால் விலை விழும். வெயிலில் பரப்பி, கிளறி, பின்னேரம் கூட்டிக் குவிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். 15 ஆம் திகதி காலை கடமைக்குத் திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு, இப்போது அந்தச் சனிக்கிழமை அரைநாளும் தேவைப்படுகிறது.

அரைநாள் லீவு மேற்பார்வையாளரின் அதிகாரத்துக்குள் வருகிறது. ஆனால் திரும்பும் திகதியைப் பெரிய சேருக்கு எழுத்தில் கொடுத்தாயிற்று. ஆகவே 14 ஆம் திகதி காலையிலேயே அண்ணையை அழைக்க வேண்டும். செய்தி போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. "அண்ணை, வெட்டு நேற்று இரவுதான் முடிஞ்சது. நெல் றோட்டில கிடக்கு. நாளைக்கு அரைநாள் தரேலுமோ? பெரிய சேருக்குப் பதினைஞ்சு எண்டு எழுதினனான், அவருக்கு நீங்கள் சொல்லுறீங்களோ, நான் அறிவிக்கட்டோ?" அண்ணை 'நான் சொல்லுறன்' என்றால், பெரிய சேருக்குத் தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை. 'நீயே அறிவி' என்றால் இரண்டு வரி போதும்: 'அறுவடை தாமதித்தமையால், மேற்பார்வையாளரின் அனுமதியுடன் 2025.02.15 ஆம் திகதி அரைநாள் விடுமுறை பெற்றுள்ளேன். 2025.02.17 திங்கட்கிழமை காலை கடமைக்குத் திரும்புவேன்.' இது கேள்வியாக இல்லாமல் அறிவித்தலாக இருப்பதைக் கவனியுங்கள். அனுமதி வேறிடத்தில் கிடைத்துவிட்டபடியால், அதைப் பெரிய சேரிடம் மீண்டும் கேட்பது மேற்பார்வையாளரின் அதிகாரத்தைக் குறைப்பதாகும்.

மரணம், விபத்து போன்ற திடீர்த் தேவைகளில்

மேலே சொன்ன ஒழுங்கு முழுவதும் அப்போது தலைகீழாகும். இரவு பத்து மணிக்குச் செத்தவீட்டுச் செய்தி வந்தால் கடிதமும் வேண்டாம், 'போகலாமோ' என்ற கேள்வியும் வேண்டாம். மேற்பார்வையாளரை அழைத்து, "அண்ணை, அம்மம்மா மோசம் போயிட்டா. நான் முல்லைத்தீவுக்கு வெளிக்கிடுறன். நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறம், அதுக்குப் பிறகு சொல்லுறன்" என்று சொன்னால் போதும். இறப்பில் அறிவித்தலே மரியாதை. பெரிய சேருக்கு அந்தச் செய்தி மேற்பார்வையாளர் வழியாகவே போக வேண்டும். துக்க வீட்டில் இருந்துகொண்டு 'தாழ்மையுடன்' என்று யாரும் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை. திரும்பி வந்த முதல் நாளில், எடுத்த நாட்களை அமைய லீவாகப் பதியுமாறு, யார் இறந்தார் என்ற ஒரு தொடரோடும் திகதிகளோடும் 'ஊடாக' என்ற வரியோடும் ஒரு சிறு கடிதம் கொடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மறந்துவிடுவதுதான் இத்தகைய லீவில் அதிகம் நடக்கும் பிழை. ஆண்டு முடிவில் அந்த நாட்கள் சம்பளமில்லா நாட்களாகக் கணக்கில் ஏறிய பிறகுதான் அது தெரியவரும்.